பழைய பள்ளி குரூப் போட்டோவில் ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி: பேட்ஜ், சாஷ், ஹவுஸ் நிறம் வழியாக ஒரு முழு வழிகாட்டி

வீட்டில் ஒரு பழைய குரூப் போட்டோ இருக்கிறது. இரண்டாம் வரிசையில் நிற்பது பெரியம்மா என்று எல்லோருக்கும் தெரியும். எந்த வருஷம் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. மார்பில் குறுக்காக ஒரு சாஷ், அதன் மேல் ஏதோ ஒரு பேட்ஜ். படம் கறுப்பு வெள்ளை.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரியத்தைச் செய்கிறார்கள். "கறுப்பாகத் தெரிகிறது, அப்போ சிவப்பு சாஷ், ரெட் ஹவுஸ் கேப்டன்" என்று முதலிலேயே முடிவு கட்டிவிட்டுப் பட்டியல் தேடப் போகிறார்கள். வரிசை இதற்கு நேர் எதிர். நிறம் கடைசியில்தான் வரவேண்டும். ஏனென்றால் கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதே அந்தப் படம் எந்தக் காலத்து பிலிமில் எடுக்கப்பட்டது என்பதைப் பொறுத்தது. காலம் தெரியாமல் நிறத்தைப் படிக்க முடியாது.

இங்கே சொல்வது தமிழ்நாட்டு உதவிபெறும் பள்ளிகள், கான்வென்ட்டுகளின் படங்களுக்கு, சுமார் 1940-களிலிருந்து 1980-கள் வரை. வேறு மாநிலப் படம் என்றால் வகுப்புக் கணக்கு மாறும். மற்றதெல்லாம் ஏறக்குறைய இதேதான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் அசல் படம், அது ஒட்டப்பட்டிருக்கும் மவுண்ட் அட்டையோடு. வாட்ஸ்அப்பில் வந்த நகலை வைத்து வேலை செய்யாதீர்கள். அனுப்பும்போது படம் சுருங்கிவிடும், ஓரத்தில் இருக்கும் அட்டையை அனுப்புகிறவரே வெட்டிவிட்டிருப்பார். பாதித் தகவல் அந்த அட்டையில்தான் இருக்கும். பின்பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அட்டையிலிருந்து படத்தைப் பிய்க்க வேண்டாம்.

ஸ்கேன் செய்யும்போது 1200 டிபிஐ வையுங்கள். 12 அங்குல அகலப் படத்தில் நாற்பது பேர் இருந்தால் ஒருவருடைய பேட்ஜ் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருக்கும். 300 டிபிஐ-யில் அது 18 புள்ளி அகலம், அதாவது ஒரு கறை. 1200-ல் 70 புள்ளி. வடிவம் தெரியும், சில சமயம் எழுத்தும் தெரியும். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தாலும் கலர் முறையிலேயே ஸ்கேன் செய்யுங்கள். அட்டையில் நீல மையில் பின்னால் யாரோ எழுதியதும், ஸ்டுடியோ அப்போதே அச்சடித்ததும் அப்போதுதான் பிரிந்து தெரியும்.

இரண்டாவது, அந்த நபரின் பிறந்த தேதி. குடும்பத்தார் வாய்வழியாகச் சொல்வது அல்ல, டி.சி.யிலோ எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலோ இருப்பது. பள்ளியில் சேர்க்கும்போது வயதைக் கூட்டிப் போட்டிருக்கலாம். இருந்தாலும் வகுப்புக் கணக்கு அந்தப் பதிவுத் தேதியை ஒட்டித்தான் ஓடும்.

மூன்றாவது, அதே பள்ளியின் வேறு இரண்டு மூன்று படங்கள், அவற்றில் ஒன்றாவது ஆண்டு எழுதியது. பேட்ஜும் சாஷும் பள்ளிக்குப் பள்ளி மாறும். ஒப்பிட ஏதாவது இல்லாமல் ஒரு படத்தைத் தனியாக வைத்துப் படித்தால் ஊகத்தில்தான் முடியும்.

2. படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்

நெகட்டிவ்வைத் திருப்பிப் போட்டு அச்செடுத்த படங்கள் நிறைய உண்டு. பிற்காலத்தில் நகல் எடுத்தவை இன்னும் அதிகம். இடவலம் மாறிய படத்தில் சாஷ் எந்தத் தோளில் இருந்தது என்று படித்தால் எல்லாமே தப்பாகும். பெயர்ப் பட்டியலும் தலைகீழாகும். முதலில் நிற்பவர் கடைசி ஆளாகிவிடுவார்.

பார்ப்பது எளிது. பையன்கள் சட்டையின் பாக்கெட் இடது மார்பில் இருக்க வேண்டும், அதாவது படத்தில் நமக்கு வலப்பக்கம். தாவணி இடது தோள் வழியாகப் போகவேண்டும். வடக்கத்திய முறையில் முந்தானையை வலது தோளில் முன்னால் போடுகிற ஓரிரு மாணவிகள் இருக்கலாம். வரிசை முழுக்க வலது தோளில் இருந்தால் படம்தான் திரும்பியிருக்கிறது. கைக்கடிகாரத்தை நம்ப வேண்டாம், வலக்கையில் கட்டுகிறவர்கள் அன்றும் உண்டு.

3. நிறத்தைத் தொடாமல் ஆண்டு வரம்பு போடுங்கள்

இப்போது ஒரு தாளில் இரண்டு ஆண்டுகளை எழுதுங்கள்: இதற்கு முன்னால் இருக்க முடியாது, இதற்குப் பின்னால் இருக்க முடியாது. மவுண்ட் அட்டையும் காலடியில் வைத்திருக்கும் வகுப்புப் பலகையும்தான் இதற்கு ஆதாரம்.

அட்டையில் ஸ்டுடியோ முகவரி இருந்தால் ஆறு இலக்க பின்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். பின்கோடு நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். எண் இருந்தால் படம் அதற்குப் பிறகுதான். எண் இல்லை என்றால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அச்சடித்து வைத்த பழைய அட்டைகளைத் தீரும்வரை ஸ்டுடியோக்காரர் விடமாட்டார். இந்த வேலை முழுவதற்கும் இந்த விதி பொருந்தும்: ஒன்று இருந்தால் அது பேசும், இல்லாததை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

வகுப்புப் பலகை அடுத்தது. பலகையில் ஃபார்ம் என்று இருந்தால் பழைய முறை. ஆறாம் வகுப்புதான் முதல் ஃபார்ம், எஸ்.எஸ்.எல்.சி. எழுதும் பதினோராம் வகுப்பு ஆறாவது ஃபார்ம். இதைத் தெரியாதவர்கள் ஆறாவது ஃபார்ம் என்பதை ஆறாம் வகுப்பு என்று எடுத்துக்கொண்டு ஐந்து வருஷம் பிசகுகிறார்கள். படத்தில் நிற்பவர்களின் உயரத்தைப் பார்த்தாலே இது பிடிபட்டிருக்கும்.

பதினொன்று என்ற எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் 1978-79 கல்வியாண்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியது. முதல் பிளஸ் டூ தேர்வு 1980-ல் நடந்தது. அதற்கு முந்தைய பதினொன்று பள்ளியின் கடைசி வகுப்பு, எஸ்.எஸ்.எல்.சி. அதற்குப் பிந்தைய பதினொன்று பிளஸ் ஒன். பொறுப்புகளைக் கடைசி வகுப்புக்குத் தருவதுதான் பள்ளி வழக்கம் என்பதால் இந்த வித்தியாசம் சாஷைப் படிக்கும்போது திரும்ப வரும்.

அப்புறம் கல்வியாண்டு. ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடியும். பொறுப்பேற்பு விழா பெரும்பாலும் ஜூன், ஜூலையில் நடக்கும். வகுப்பு குரூப் போட்டோ ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் எடுப்பார்கள். ஆகவே 1974-75 மாணவிகளின் வகுப்புப் படம் 1975-ல் எடுத்ததாக இருக்கும். அவர்களே பதவியேற்ற படம் 1974-ல் எடுத்ததாக இருக்கும். எப்போதும் இரண்டு எண்ணையும் சேர்த்தே எழுதுங்கள். ஒற்றை ஆண்டாக எழுதி வைத்தால் பின்னால் பட்டியலோடு பொருத்தும்போது ஒரு வருஷம் தள்ளிப்போகும்.

4. பேட்ஜ்: எதற்கு முன்னால் இல்லை என்பதைச் சொல்லும்

பள்ளி பேட்ஜை ஒரு தடவை மொத்தமாகச் செய்து வாங்கிப் பல வருஷம் பயன்படுத்துவார்கள். அக்கா போட்டதைத் தங்கை குத்திக்கொண்டு வருவாள். பள்ளி புதுச் சின்னத்துக்கு மாறிய பிறகும் பழைய பேட்ஜ் இரண்டு மூன்று வருஷம் வகுப்பில் தென்படும். அதனால் பேட்ஜ் தருவது கீழ் எல்லையை மட்டும்தான். புதுச் சின்னம் ஒரே ஒருவர் சட்டையில் தெரிந்தாலும் படம் மாற்றத்துக்குப் பிந்தையது. பழைய சின்னம் முப்பது பேர் சட்டையில் இருந்தாலும் முந்தையது என்று சொல்ல முடியாது.

ஆண்டு நன்றாகத் தெரிந்த பேட்ஜுகள் பள்ளிக்கு வெளியிலிருந்து வந்த அமைப்புகளுடையவை. சாரணர் பேட்ஜ் நல்ல உதாரணம். பல சாரண அமைப்புகள் ஒன்றாகி பாரத சாரணர் இயக்கம் உருவானது 1950 நவம்பர் 7-ல். சாரணியர் அமைப்பு அதில் சேர்ந்தது 1951 ஆகஸ்ட் 15-ல். புதிய சின்னத்தில் சாரணரின் அல்லி வடிவத்தின் மேல் சாரணியரின் மூவிலை, நடுவில் அசோகச் சக்கரம். பழைய படங்களில் பையன்களுக்கு வெறும் அல்லி, பெண்களுக்கு வெறும் மூவிலை. நன்றாக ஸ்கேன் செய்த படத்தில் நடுவில் ஒரு வட்டம் தெரிந்தாலே 1950-க்கு இந்தப் பக்கம் வந்துவிடலாம்.

தோளில் என்.சி.சி. பட்டை இருந்தால் 1948 ஜூலைக்குப் பிறகு. பெண்கள் பிரிவு 1949-ல் தொடங்கியது. அதே இடத்தில் ஏ.சி.சி. என்று இருந்தால் இன்னும் நல்லது. அந்தத் துணைப்படை 1950-களின் தொடக்கத்தில் உருவாகி 1960-களின் நடுவில் என்.சி.சி.யோடு கலந்துவிட்டது. அந்த மூன்று எழுத்து இரண்டு பக்க எல்லையையும் ஒரே நேரத்தில் தருகிறது. அதனால் என்.சி.சி. என்று அவசரமாகப் படித்துவிடாமல் முதல் எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

பள்ளியின் வெள்ளிவிழா, பொன்விழா பேட்ஜ் மட்டும் விதிவிலக்கு. அது அந்த ஒரு வருஷத்துக்கானது. பள்ளி தொடங்கிய ஆண்டோடு 25 அல்லது 50 கூட்டிப் பாருங்கள். ஆனால் விழாவைக் கட்டட வேலை முடியட்டும் என்று ஒரு வருஷம் தள்ளி நடத்திய பள்ளிகளும் உண்டு. விழா மலரின் அட்டையில் இருக்கும் ஆண்டுதான் சரி.

மார்பில் எல்லோரும் ஒரே மாதிரி ஒரு சின்னத் துண்டு குத்தியிருந்தால் அதையும் விடாதீர்கள். சிறிய காகிதக் கொடி என்றால் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளை ஒட்டியதாக இருக்கலாம். 1949 முதல் அது நடக்கிறது. கறுப்புத் துணி என்றால் யாரோ இறந்திருக்கிறார்கள். காந்தி இறந்தது 1948 ஜனவரி 30, அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. இரண்டுமே குரூப் போட்டோ எடுக்கிற மாதங்கள். பள்ளியின் ஆசிரியர் ஒருவர் இறந்ததற்கும் அதே கறுப்புத் துணிதான். ஆகவே வேறு ஆதாரம் கிடைக்கும்வரை இதைக் குறிப்பாக மட்டும் வைத்திருங்கள்.

5. சாஷ்: ஒரே ஒரு வருஷத்தைச் சொல்லும்

பேட்ஜ் பல வருஷம் ஓடும். சாஷ் ஒரு கல்வியாண்டுப் பதவி. ஜூலையில் போட்டு மார்ச்சில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எஸ்.பி.எல்., ஹவுஸ் கேப்டன், வைஸ் கேப்டன், ஸ்போர்ட்ஸ் கேப்டன் என்று பதவியும் ஒரு பள்ளியில் பத்துப் பன்னிரண்டு பேருக்குள்தான். ஆகவே சாஷ் போட்டவர் ஒருவர் படத்தில் இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி. நீங்கள் தேடும் ஆள் சாஷ் போட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. பக்கத்தில் இருப்பவர் போட்டிருந்தாலும் போதும், ஆண்டு ஒன்றுதானே.

முதலில் அது சாஷ்தானா என்று உறுதி செய்யுங்கள். பெண்கள் பள்ளிப் படங்களில் பலரும் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். தாவணியை மடித்து பின் குத்தி இடது தோளில் போட்டால் கறுப்பு வெள்ளையில் அது அச்சு அசலாக ஒரு அகலப் பட்டியைப் போலவே இருக்கும். தாவணி கட்டும் பள்ளிகளில் சாஷை வலது தோளிலிருந்து இடது இடுப்புக்குப் போட்டிருந்தால் மார்பில் பெருக்கல் குறி போல ஒரு குறுக்கு விழும், அதைத் தேடுங்கள். இடது தோளிலேயே சாஷும் போட்ட பள்ளி என்றால் இடுப்பருகே பாருங்கள். சாஷ் இடுப்பில் சேரும் இடத்தில் ஒரு முடிச்சோ பின்னோ இருக்கும், அதற்குக் கீழே இரண்டு முனை தொங்கும். தாவணி இடுப்பில் செருகி மறைந்துவிடும்.

அடுத்து, அது பதவி சாஷா, ஒரு நாள் சாஷா? ஸ்போர்ட்ஸ் டே மார்ச் பாஸ்ட்டில் ஹவுஸ் முழுவதுமே சாஷ் போட்டு நடக்கும். பேண்டு வாசிக்கிறவர்களுக்குத் தனி சாஷ். ஒரே படத்தில் எட்டுப் பேர் ஒரே நிற சாஷ் போட்டிருந்தால் அது கேப்டன்களின் படம் அல்ல, அணியின் படம். அதிலிருந்து பதவி எதையும் எடுக்காதீர்கள். வகுப்புப் படத்தில் ஒருவரோ இருவரோ மட்டும் போட்டிருந்தால் பதவி சாஷ் என்று கொள்ளலாம்.

கேப்டனையும் வைஸ் கேப்டனையும் பிரிப்பதற்கு ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு வழி வைத்திருக்கும். சில இடங்களில் கேப்டனுக்கு சாஷும் பேட்ஜும், வைஸுக்கு பேட்ஜ் மட்டும். சில இடங்களில் வைஸுக்கு அகலம் குறைந்த சாஷ். ஆண்டு தெரிந்த இன்னொரு படத்தில் அந்தப் பள்ளியின் வழக்கத்தைப் பார்த்துக்கொள்ளாமல் இதை முடிவு செய்ய வேண்டாம். எழுத்து அச்சடித்த சாஷ் என்றால் கவலையில்லை, ஆனால் மடிப்பில் பாதி எழுத்து மறைந்திருக்கும். கேப்டன் என்ற சொல் தெரிந்து அதற்கு முந்தைய சொல் தெரியவில்லை என்றால் அது ஹவுஸ் கேப்டனாகவும் இருக்கலாம், வைஸ் கேப்டனாகவும் இருக்கலாம்.

6. இப்போது நிறம்

வரம்பு போட்டாயிற்று, பதவி தெரிந்தாயிற்று. இனி எந்த ஹவுஸ் என்று பார்க்கலாம். பெரும்பாலான பள்ளிகளில் நான்கு நிறம்: சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். இந்த நான்கும் கறுப்பு வெள்ளையில் எப்படி இறங்கும் என்பது பிலிமைப் பொறுத்தது.

பழைய ஆர்த்தோகுரோமாட்டிக் தகடும் பிலிமும் சிவப்பு ஒளியை உணராது. அதில் சிவப்பு கன்னங்கரேலென்று விழும், மஞ்சளும் எதிர்பார்ப்பதைவிடக் கருத்துப்போகும், நீலம் வெளுத்து வெள்ளைக்குப் பக்கத்தில் வந்துவிடும். பின்னால் வந்த பான்குரோமாட்டிக் பிலிம் எல்லா நிறத்தையும் உணரும். அதில் மஞ்சள்தான் வெளுப்பு. நீலம் நடுத்தரச் சாம்பல், அடர்நீலம் என்றால் இன்னும் கருப்பு. சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே சாம்பலில் வந்து நிற்கும். ஆக, வெளிறித் தெரியும் சாஷ் ஒரு காலத்தில் நீலம், இன்னொரு காலத்தில் மஞ்சள். வரம்பு போடாமல் நிறம் பார்க்கக் கூடாது என்று முதலில் சொன்னது இதற்காகத்தான்.

எந்த பிலிம் என்று படத்துக்குள்ளேயே சோதிக்க ஒரு நல்ல வழி தேசியக் கொடி. சுதந்திர தினப் படமாக இருந்து கொடி விரிந்திருந்தால் காவிப் பட்டையையும் பச்சைப் பட்டையையும் ஒப்பிடுங்கள். பச்சையைவிடக் காவி கருத்திருந்தால் ஆர்த்தோ. காவி வெளுத்திருந்தால் பான். கொடி இல்லாத வகுப்புப் படத்தில் உதடுகளைப் பாருங்கள். சாயம் பூசாத பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக எல்லோருக்கும் உதடு மை தடவியது போல் கருத்திருந்தால் ஆர்த்தோவாக இருக்க வாய்ப்பு அதிகம். குங்குமப் பொட்டு இதற்கு உதவாது, இரண்டிலுமே கருப்பாகத்தான் விழும். சாந்துப் பொட்டு இயல்பிலேயே கருப்பு.

சாஷின் சாம்பலை அளக்கும்போது பளபளக்கும் இடத்தை விட்டுவிடுங்கள். சாஷ் பெரும்பாலும் சாட்டின் துணி. வெயில் பட்ட மடிப்பு எந்த நிறமானாலும் வெள்ளையாக மின்னும். மடிப்பின் நிழல் பக்கம், தோளுக்குக் கீழே தட்டையாக இருக்கும் இடம், இந்த இரண்டையும் பாருங்கள். அப்படியே ஒரு படத்துச் சாம்பலை இன்னொரு படத்துச் சாம்பலோடு ஒப்பிடாதீர்கள். இருட்டறையில் அச்செடுத்தவர் கொஞ்சம் கூடுதலாக ஒளி விட்டிருந்தால் எல்லாமே ஒரு படி கருத்திருக்கும். ஒப்பீடு ஒரே படத்துக்குள்ளேதான்: இந்த சாஷ் அந்த சாஷைவிட வெளுப்பா, வெள்ளை ரவிக்கைக்கு எவ்வளவு பக்கம்?

கலர் படம் என்றால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். 1970, 80-களின் கலர் அச்சுகளில் ஆல்பத்துக்குள் இருட்டிலேயே இருந்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் போய்விடும். படம் முழுக்கச் செந்நிறம் ஏறும். நீல சாஷ் ஊதாவாகவும் பச்சை பழுப்பாகவும் தெரியும். மரத்து இலை என்ன நிறத்தில் தெரிகிறது என்று பாருங்கள். இலை பழுப்பாக இருந்தால் பழுப்பு சாஷ் பச்சைதான். கம்ப்யூட்டரில் நிறத்தைத் திருத்தப் போகிறீர்கள் என்றால் சீருடையின் வெள்ளையை ஆதாரமாக வைத்துத் திருத்துங்கள், திருத்தாத பிரதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் வண்ணம் தீட்டிய படம் என்றால் நிறத்தை முழுவதுமாக மறந்துவிடலாம். ஸ்டுடியோவில் வண்ணம் போட்டவருக்கு உங்கள் பள்ளியின் ஹவுஸ் தெரியாது. எது அழகோ அதைப் போட்டிருப்பார்.

7. பட்டியலோடு பொருத்துதல்

பதவியும் ஹவுஸும் கைக்கு வந்தபின் பள்ளி ஆண்டு மலர், ஆண்டுவிழா அறிக்கை, வராண்டாவில் மாட்டியிருக்கும் பெயர்ப்பலகை இவற்றில் ஒன்று வேண்டும். மலர்தான் சிறந்தது. அதில் பதவியோடு வகுப்பும் பிரிவும் இருக்கும், படமும் இருக்கலாம்.

பெயர்ப்பலகையில் ஆண்டு எப்படி எழுதுகிறார்கள் என்பதை முதலில் சோதியுங்கள். 1975 என்று ஒற்றை எண் இருந்தால் அது 74-75-ஆ, 75-76-ஆ? வேறு வழியில் ஆண்டு உறுதியாகத் தெரிந்த ஒரு பெயரை எடுத்து, அவர் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த ஆண்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஹவுஸ் பெயரும் நிறமும் எப்போதும் ஒன்றாகவே போகும் என்றும் எண்ண வேண்டாம். புனிதர் பெயரில் இருந்த ஹவுஸுகளுக்குப் பின்னால் தலைவர்கள் பெயரோ, சேர சோழ பாண்டிய பல்லவப் பெயரோ வைத்திருப்பார்கள். அப்போது நிறத்தையும் மாற்றி ஒதுக்கியிருக்கலாம். "நாங்க எல்லாம் ப்ளூ ஹவுஸ்" என்று சித்தி சொல்வது அவர் படித்த காலத்துக்குச் சரி. உடன்பிறந்தவர்களை ஒரே ஹவுஸில் போடும் வழக்கம் பல பள்ளிகளில் உண்டு என்பதால் அக்கா தங்கை படங்கள் குழம்புவதும் இங்கேதான்.

8. ஒரு படத்தை எடுத்துச் செய்து பார்ப்போம்

தென்மாவட்டத்தில் ஒரு பெண்கள் பள்ளியின் வகுப்புப் படம். மூன்று வரிசை மாணவிகள், நடுவில் ஆசிரியைகள். பலகையில் பதினொன்று பி என்று மட்டும் இருக்கிறது, ஆண்டு இல்லை. இரண்டு மாணவிகளுக்கு சாஷ்: ஒன்று கருப்பு, ஒன்று வெளிறியது. நாம் தேடுகிற பெண் வெளிறிய சாஷ் போட்டவர். குடும்பத்தில் 1971 என்கிறார்கள்.

தாவணி எல்லோருக்கும் இடது தோளில், படம் நேராகத்தான் இருக்கிறது. இரண்டு சாஷும் வலது தோளிலிருந்து வந்து தாவணியைக் குறுக்கே வெட்டுகின்றன, ஆகவே சாஷ்தான். இருவர் மட்டுமே போட்டிருப்பதால் பதவி சாஷ்.

அட்டையின் கீழ் மூலையில் ஸ்டுடியோ முகவரியோடு பின்கோடு. ஆக 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. குரூப் போட்டோ பருவத்தை வைத்துப் பார்த்தால் 1972-73-தான் மிகப் பழைய கல்வியாண்டு. 1971 அடிபட்டுப் போயிற்று. டி.சி.யில் பிறந்தது 1958 மே. ஐந்து முடிந்து 1963 ஜூனில் ஒன்றாம் வகுப்பு என்றால் பதினொன்றுக்கு வருவது 1973-74. இந்தக் கட்டத்திலேயே நிறைய பேர் பேனாவை மூடிவிடுவார்கள். கணக்கு சரி, ஆனால் அது இடையில் எங்கும் தடை இல்லை என்று வைத்துக்கொண்ட கணக்கு.

இப்போது நிறம். 1972-க்குப் பிந்தைய வகுப்புப் படம் என்பதால் பான் பிலிம் என்று கொள்ளலாம். உதடுகளும் அசாதாரணமாகக் கருத்தில்லை. வெளிறிய சாஷின் நிழல் மடிப்பு ரவிக்கையின் வெள்ளைக்கு ஒரு படிதான் கீழே. பான் பிலிமில் நீலம் இவ்வளவு வெளுக்காது. ஆகவே மஞ்சள். கருப்பு சாஷ் சிவப்பா பச்சையா என்று அடித்துச் சொல்ல முடியாது, அடர்நீலமாகக்கூட இருக்கலாம். அதை அப்படியே திறந்து விடுகிறோம்.

1973-74 ஆண்டு மலரில் பதினொன்று பி பிரிவிலிருந்து ஒரே ஒரு ஹவுஸ் கேப்டன், சிவப்பு. 1974-75 மலரில் அதே பிரிவிலிருந்து இருவர்: மஞ்சளும் பச்சையும். படத்தில் இருப்பது இருவர், ஒருவர் மஞ்சள். 1972-73 மலரையும் திறந்து பார்க்க வேண்டும். அதில் பி பிரிவிலிருந்து கேப்டனே இல்லை. மேல் எல்லைக்கு 75-76, 76-77 மலர்களையும் புரட்டியதில் மஞ்சள் கேப்டன் இரண்டு ஆண்டும் ஏ பிரிவு. ஆக 1974-75.

வயதுக் கணக்குக்கும் இதற்கும் ஒரு வருஷம் இடிக்கிறது. அந்த இடிப்பை மழுப்பாமல் டி.சி.க்குத் திரும்பிப் போனால், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த தேதி 1964 ஜூன் என்று இருந்தது. ஆறு வயது முடிந்துதான் சேர்த்திருக்கிறார்கள். இரண்டும் பொருந்திவிட்டது. படம் எடுத்தது 1975-ன் முதல் மூன்று மாதங்களுக்குள்.

9. கண்டதை எழுதி வைத்தல்

ஆண்டை மட்டும் எழுதாதீர்கள், எதை வைத்து வந்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதுங்கள். "1974-75, பின்கோடு, இரண்டு சாஷ், ஆண்டு மலர் பட்டியல்" என்ற அளவு போதும். நாளை யாராவது இன்னொரு படத்தோடு வந்து மறுத்தால் எந்தக் கண்ணியைச் சோதிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்து எழுதுங்கள். மேலே சொன்ன படத்தில் கருப்பு சாஷுக்குப் பச்சை என்பது மலரிலிருந்து வந்தது, படத்திலிருந்து அல்ல.

எழுதுவது மவுண்ட் அட்டையின் பின்பக்கம், மென்மையான பென்சிலில். பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் முகத்தில் தடம் விழும். ஸ்கேன் கோப்பின் பெயரிலும் ஆண்டை முதலில் வைத்துவிடுங்கள், ஒரே பள்ளிப் படங்கள் தானாக வரிசையில் வந்து நிற்கும்.